ஜீன்ல ஒரு காப்பி தொலைஞ்சா லேசு, ஒரு காப்பி கெட்டா கஷ்டம்: COL1A1 ஸ்ப்ளைஸ் மாற்றத்தை நாங்க தப்பா படிச்ச ஒரு கேஸ்

நான் ஜெனடிக் கவுன்சிலிங் பண்றேன். இது எங்க டீம் பார்த்த ஒரு குழந்தையோட கேஸ். ஜீன்ல புரதத்துக்கான குறிப்பு இருக்கற துண்டுகளான எக்ஸான்கள்ல எது, குழந்தை யாரு, எங்க பார்த்தோம்னு எதையும் எழுதல, அந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணக் கூடாதுங்கறதுக்காக. ரிப்போர்ட்ல இருந்த வரி தப்பில்ல, அதுலருந்து நாங்க எடுத்த முடிவுதான் தப்பு, அதனாலதான் இதை முழுசா எழுதறேன்.

பின்னணி

பொண்ணு எங்ககிட்ட வந்தப்ப 2 வயசு 10 மாசம். அதுக்குள்ள நாலு எலும்பு முறிவு. முதல் முறிவு 7 மாசத்துல, டயப்பர் மாத்தும்போது தொடை எலும்பு. அடுத்தது 14 மாசத்துல, எழுந்து நிக்க ஆரம்பிச்ச வாரமே முழங்காலுக்குக் கீழ. அப்புறம் ஒரு கை, கடைசியா மறுபடி தொடை. விழுந்ததும் பெரிய விழுகை எதுவும் இல்ல. முதல் முறிவுக்கே "யாராவது அடிச்சாங்களா"னு பெற்றோரை தனித்தனியா உட்கார வெச்சு விசாரிச்சிருக்காங்க, அந்தக் காயம் அவங்களுக்கு எங்ககிட்ட வரும்போதும் ஆறல.

அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் சின்ன வயசுல எலும்பு முறிஞ்ச கதை கிடையாது, உயரம் நார்மல், காது நல்லா கேக்குது. குழந்தையோட கண்ணு வெள்ளைப்பகுதி லேசா நீலம். உயரம் 3வது சென்டைல் கோட்டை ஒட்டி. முன்பல்லு கொஞ்சம் மஞ்சளா, கண்ணாடி மாதிரி இருக்குனு நான் நோட்ல எழுதியிருக்கேன், எழுதிட்டு அதோட விட்டுட்டேன்.

ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, சுருக்கமா ஓஐ, அதாவது பிறவியிலயே எலும்பு சீக்கிரம் முறியற நோய்னு சந்தேகம் வந்து ஜீன் பேனல் அனுப்பினோம்.

இங்க இன்னொரு குடும்பத்தைப் பத்தி சொல்லியாகணும், ஏன்னா நாங்க சறுக்கினதுக்கு அதுதான் பாதி காரணம். ஆறு மாசம் முன்னாடி ஒரு அப்பாவும் மகளும் வந்திருந்தாங்க, ரெண்டு பேருக்கும் கண்ணு நல்ல நீலம், சின்ன வயசுல சில முறிவு, வயசுக்கு வந்தப்புறம் அப்பாவுக்கு முறிவே இல்ல, உயரமும் கிட்டத்தட்ட நார்மல், நாப்பதுக்கு மேல காது மட்டும் கொஞ்சம் மந்தம். அவங்களுக்கு டைப் 1 கொலாஜன்ங்கற புரதத்தைச் செய்யற COL1A1 ஜீன்ல ஒரு எழுத்து கூடுதலா நுழைஞ்சு, மூணு மூணு எழுத்தா படிக்கற பிரேம் கலைஞ்சு, நடுவுலயே நிறுத்தச் சொல்ற ஸ்டாப் வந்திருந்துச்சு. அந்தக் காப்பியிலருந்து வர ஆர்என்ஏவை செல்லே கண்டுபிடிச்சு அழிச்சுடும், மிச்சம் ஒரே ஒரு நல்ல காப்பி, பாதி கொலாஜன். டெக்ஸ்ட்புக்ல போட்ட மாதிரி டைப் 1 ஓஐ. "ஒரு காப்பி போச்சு, லேசான நோய்"ங்கற சமன்பாடு எங்க மனசுல அப்படியே ஒட்டிக்கிச்சு.

முதல் ரிப்போர்ட்டும் முதல் கவுன்சிலிங்கும்

பொண்ணுக்கு 3 வயசு ஆகும்போது ரிப்போர்ட் வந்துச்சு. COL1A1, எக்ஸான்களுக்கு நடுவுல வெட்டி எடுக்கப்படற துண்டான ஒரு இன்ட்ரானோட முதல் எழுத்து, +1G>A, ஒரு காப்பியில மட்டும். "லாஸ் ஆஃப் ஃபங்ஷன் எதிர்பார்க்கப்படுகிறது, பேத்தோஜெனிக்"னு, அதாவது அந்தக் காப்பி வேலை செய்யாது, நோய் தரும்னு போட்டிருந்தாங்க. பெற்றோர் ரெண்டு பேர் ரத்தத்துலயும் அது இல்ல, புதுசா வந்தது.

வகைப்படுத்தற விதிகள் தெரிஞ்சவங்களுக்கு இது எங்கருந்து வருதுனு புரியும். எக்ஸான் முடிஞ்ச உடனே வர முதல் ரெண்டு எழுத்து GT, அதுல எது மாறினாலும் ஸ்ப்ளைசிங், அதாவது இன்ட்ரானை வெட்டிட்டு எக்ஸான்களை ஒட்டற வேலை, பெரும்பாலும் கெடும், ஸ்ப்ளைசிங் கெட்டா அந்தக் காப்பி போச்சுனு வெச்சு PVS1ங்கற பலமான புள்ளியைக் குடுத்துடுவாங்க. இந்த மாற்றம் நோய் தருமாங்கற கேள்விக்கு "தரும்"ங்கற பதில் சரிதான். ஆனா நாங்க அதோட நிக்காம அந்த "லாஸ் ஆஃப் ஃபங்ஷன்"ங்கற சொல்லைப் பிடிச்சுகிட்டு, காப்பி போச்சு, அப்ப பாதி கொலாஜன், அப்ப டைப் 1, அப்ப லேசானதுனு படியிறங்கி வந்துட்டோம். கண்ணு நீலம் வேற அதுக்கு சாட்சி சொல்ற மாதிரி இருந்துச்சு. கைக்குழந்தைகளுக்கு, ஏன் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட, கண்ணு வெள்ளை லேசா நீலமா தெரியறது சாதாரணம்னு எங்களுக்குத் தெரியாம இல்ல.

அந்தம்மா அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டாங்க. "மேடம், ரெண்டு காப்பியில ஒண்ணு நல்லாத்தானே இருக்கு, அது போதாதா?"

நான் சொன்ன பதில் பாதி சரி. நிறைய ஜீனுக்கு ஒரு காப்பி போதும். குறிப்பா என்சைம்களுக்கு, பாதி அளவு இருந்தாலும் வேலை ஓடிடும், அதனாலதான் அந்த நோய்கள் பெரும்பாலும் ரெண்டு காப்பியும் கெட்டாதான் வரும். கொலாஜன் அப்படியில்ல, அது வேலை செய்ற கருவி இல்ல, கட்டடமே அதுதான், எலும்போட புரதத்துல பெரும்பகுதி டைப் 1 கொலாஜன். ஒரு காப்பி நின்னா இன்னொரு காப்பிக்கு "நீ ரெண்டு மடங்கு செய்"னு யாரும் சொல்றதில்ல, அது தன் பங்கை மட்டும் செய்யும், எலும்பு மெல்லிசா, கம்மியா உருவாகும். இதுதான் ஹாப்ளோஇன்சஃபிஷியன்சி. இருக்கற சரக்கு நல்லது, அளவுதான் பத்தல. இவ்வளவும் சரி, இந்தக் குழந்தைக்கு இதுதான் நடக்குதுங்கறதுக்கு மட்டும் எங்ககிட்ட எந்த ஆதாரமும் இல்ல.

"வளர வளர முறிவு குறையும், உயரம் ஓரளவு வந்துடும்"னு சொல்லி அனுப்பினோம். மருந்து இப்போதைக்கு வேண்டாம், பார்த்துக்கலாம்னு முடிவு.

பொருந்தாம போன விஷயங்கள்

அஞ்சு மாசத்துல மறுபடி தொடை எலும்பு முறிஞ்சு வந்தா. இந்தத் தடவை எக்ஸ்ரேயில முறிவைத் தவிர வேற ஒண்ணும் தெரிஞ்சுது, ரெண்டு தொடை எலும்பும் முன்பக்கமா வில்லு மாதிரி வளைஞ்சிருந்துச்சு, முதுகெலும்புல ரெண்டு மூணு எலும்பு நசுங்கி தட்டையா இருந்துச்சு. உயரம் 3வது சென்டைலுக்குக் கீழ போயிடுச்சு. பல் டாக்டர் பார்த்துட்டு இது டென்டினோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டானு தெளிவா எழுதிட்டாங்க, பல்லுக்குள்ள டென்டின்ங்கற அடுக்குக்கும் கொலாஜன்தான் ஆதாரம், அது கெட்டா பல் பழுப்பா கண்ணாடி மாதிரி ஆகி சீக்கிரம் தேயும். நான் நோட்ல எழுதி விட்ட அதே பல்லுதான்.

பாதி அளவு நல்ல கொலாஜன் இருக்கற குழந்தைகளுக்கு இப்படி எலும்பு வளையறதும், பல்லு இந்த அளவு கெடறதும், உயரம் இப்படி சறுக்கறதும் வழக்கமில்ல. எலும்பு டாக்டர் கேஸ் மீட்டிங்ல ஒரே வரிதான் சொன்னாரு, "இது அந்த அப்பா மக கேஸ் மாதிரி இல்லையே." அவருக்கு ஸ்ப்ளைசிங் பத்தி பெரிய அக்கறை கிடையாது, எக்ஸ்ரேயை மட்டும் பார்த்து சொன்னாரு. அது வரைக்கும் நாங்க ரிப்போர்ட்டை வெச்சு குழந்தையைப் பார்த்துகிட்டு இருந்தோம்.

ரிப்போர்ட்டை மறுபடி படிச்சப்ப

அன்னைக்கு சாயங்காலம் லேப் சகாவும் நானும் அந்த எக்ஸானோட நீளத்தைப் பார்த்தோம். 54 எழுத்து. அதைப் பார்த்த உடனே அவரு நாற்காலியில பின்னால சாஞ்சுட்டாரு.

இது ஏன் முக்கியம்னு சொல்றேன். டைப் 1 கொலாஜன்ல மூணு சங்கிலி கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டு இருக்கும், ரெண்டு ஆல்ஃபா 1, ஒரு ஆல்ஃபா 2. ஆல்ஃபா 1 வர்றது COL1A1லருந்து. முறுக்குற பகுதி பூரா ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசின் வரும், ஏன்னா கயிறோட நடுவுல இருக்கற இண்டு இடுக்குல அமினோ அமிலங்கள்லயே சின்னதான கிளைசின் மட்டும்தான் அடங்கும். அந்தப் பகுதிக்கான எக்ஸான்கள் 45, 54, 99, 108, 162 எழுத்துனு இருக்கும், எல்லாமே ஒன்பதால வகுபடும். அதனால அதுல ஒரு முழு எக்ஸானைத் தூக்கி வீசினாலும் பிரேம் கலையாது. 54 எழுத்து போனா 18 அமினோ அமிலம் போகும், கிளைசின் வரிசை ஒண்ணும் ஆகாத மாதிரி மறுபடி தொடரும். நடுவுல ஸ்டாப் வராது, அதனால செல் அந்த ஆர்என்ஏவை அழிக்கவும் அழிக்காது. சங்கிலி உருவாகும், கொஞ்சம் குட்டையா. அதோட முனையில இருக்கற சேரும் பகுதி நல்லாவே இருக்கறதால மத்த சங்கிலிகளோட போய் சேரவும் சேரும்.

அதாவது ரிப்போர்ட் "லாஸ் ஆஃப் ஃபங்ஷன்"னு சொன்ன மாற்றம், இந்த ஜீன்ல இந்த இடத்துல, காப்பியை இல்லாம பண்றதுக்குப் பதிலா ஒரு கெட்ட சங்கிலியை உள்ள விட்டிருக்கலாம்.

ஆனா "விட்டிருக்கலாம்"தான். +1ல மாற்றம் வந்தா செல் பல மாதிரி சமாளிக்கும், எக்ஸானையே தாண்டிடலாம், பக்கத்துல இருக்கற வேற ஒரு GTயைப் பிடிச்சு அங்க வெட்டலாம், இன்ட்ரானை அப்படியே விட்டுடலாம், சில சமயம் இதெல்லாம் கலந்து நடக்கும். வேற GTயைப் பிடிச்சா பெரும்பாலும் பிரேம் கலையும், அப்ப நாங்க முதல்ல சொன்னதுதான் சரினு ஆயிடும். டிஎன்ஏ வரிசையை எவ்வளவு நேரம் முறைச்சுப் பார்த்தாலும் இது தெரியாது.

எடுத்த முடிவு

ஆர்என்ஏ பார்க்கறதுனு முடிவு பண்ணோம். ரத்தத்துல பார்த்தா சுலபம், ஆனா ரத்த செல்கள்ல COL1A1 ரொம்பக் கம்மியாதான் ஓடும், அதை நம்பி முடிவு சொல்ல முடியாது. அதனால தோல்லருந்து சின்ன துண்டு எடுத்து, கொலாஜன் செய்யற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை வளர்க்கணும், அதுக்கு சில வாரம் ஆகும். குழந்தைக்கு ஏற்கனவே போதும் போதும்ங்கற அளவு வலி, அதனால தொடை முறிவுக்கு ஆபரேஷன் பண்ற அதே மயக்கத்துல தோலையும் எடுத்துக்கிட்டோம். இதுல நாங்க எதையாவது சரியா செஞ்சோம்னா அது இதுதான்.

அதே நேரத்துல மருந்தை ரிசல்ட்டுக்காகக் காக்க வெக்கல. நசுங்கின முதுகெலும்பும் வளைஞ்ச தொடையும் இருக்கும்போது, மெக்கானிசம் எதுவா இருந்தாலும் பிஸ்பாஸ்பனேட்ங்கற எலும்பு மருந்தை ஆரம்பிக்கலாம்னு எலும்பு டீம் சொன்னாங்க, ஆரம்பிச்சாச்சு.

செல்கள் வளர்ந்ததும் ரெண்டு தட்டா பிரிச்சாங்க. ஒண்ணுல சும்மா விட்டாங்க, இன்னொண்ணுல ஆர்என்ஏ எடுக்கறதுக்கு சில மணி நேரம் முன்னாடி சைக்ளோஹெக்சிமைட் போட்டாங்க. அது போட்டா, கெட்ட ஸ்டாப் இருக்கற ஆர்என்ஏவை அழிக்கற வேலை நின்னுடும். அதனால மருந்து போட்ட தட்டுல மட்டும் ஒரு புது பேண்ட், அதாவது ஜெல்லுல தெரியற கோடு, எட்டிப் பார்த்தா, அது சாதாரணமா அழிக்கப்படற ஆர்என்ஏ, கதை ஹாப்ளோஇன்சஃபிஷியன்சி பக்கம். ரெண்டு தட்டுலயும் ஒரே மாதிரி இருந்தா அந்த ஆர்என்ஏ அழியாம உயிரோட சுத்துது, சங்கிலியா மாறுதுனு அர்த்தம்.

வந்த ரிசல்ட்

ரெண்டு தட்டுலயும் ரெண்டு பேண்ட். ஒண்ணு எதிர்பார்த்த நீளம், இன்னொண்ணு சரியா 54 எழுத்து கம்மி. வரிசையைப் படிச்சா அந்த எக்ஸான் முழுசா காணோம், முன்னாடி எக்ஸானும் பின்னாடி எக்ஸானும் தையல் தெரியாம ஒட்டியிருக்கு. மருந்து போட்டதால எந்த வித்தியாசமும் இல்ல. குட்டை பேண்ட் கொஞ்சம் அழுத்தமா தெரிஞ்சுது, ஆனா பிசிஆர் எப்பவும் குட்டையானதைக் கொஞ்சம் அதிகமா பெருக்கும், அதனால பேண்ட் அடர்த்தியை வெச்சு எவ்வளவு சதவீதம்னு நாங்க எதுவும் எழுதல.

செல்கள் வெளிய விடற கொலாஜனையும் ஜெல்லுல ஓட்டிப் பார்த்தோம். அந்த அப்பா மக கேஸ்ல டைப் 3 கொலாஜனோட ஒப்பிட்டா டைப் 1 அளவு கண்ணுக்குத் தெரியற மாதிரி குறைஞ்சிருந்துச்சு. இங்க அப்படிக் குறையல. ஆல்ஃபா 1 பேண்டுக்குப் பக்கத்துல ஒரு மங்கலான தேய்ப்பு மட்டும் இருந்துச்சு. இன்னும் பளிச்சுனு இருக்கும்னு எதிர்பார்த்தேன், ஆனா காரணம் இருக்கு. கயிறு முறுக்கறது சங்கிலியோட கடைசிப் பக்கமான C முனையில ஆரம்பிச்சு முதல் பக்கமான N முனையை நோக்கி ஜிப் போடற மாதிரி போகும். எங்கயாவது சிக்கினா, அதுக்கு அந்தப் பக்கம் இருக்கற சங்கிலி முறுக்காம காத்துக்கிட்டு இருக்கும், அந்த நேரத்துல செல்லோட என்சைம்கள் அது மேல தேவைக்கு மேல சர்க்கரையும் ஹைட்ராக்சிலும் ஒட்டிடும், ஒட்டினது கனமாகி ஜெல்லுல மெதுவா ஓடும். இவளுக்கு சிக்கல் N முனைக்குக் கிட்ட இருக்கறதால காத்திருக்கற பகுதி கொஞ்சம்தான். சிக்கல் C முனைக்குக் கிட்ட இருந்திருந்தா நோய் இதைவிட ரொம்பக் கடுமையா இருந்திருக்க வாய்ப்பு அதிகம். ஜெல்லை மட்டும் பார்த்திருந்தா "கிட்டத்தட்ட நார்மல்"னு இன்னொரு தப்பு பண்ணியிருப்போம்.

வகையை, டைப் 1ஐ விடக் கடுமையான டைப் 4னு மாத்தினோம்.

ரெண்டாவது கவுன்சிலிங்

முதல்ல சொன்னது தப்புங்கறதை முதல் வாக்கியத்துலயே சொல்லிட்டோம். அப்பா ரொம்ப நேரம் பேசல. அம்மா அதே பழைய கேள்வியைத்தான் வேற மாதிரி கேட்டாங்க, நல்ல காப்பி பாதி கொலாஜன் செய்யுமே, அது எங்க போச்சுனு.

பேப்பர்ல வரைஞ்சு காட்டினேன். ஒவ்வொரு கயிறுக்கும் ரெண்டு ஆல்ஃபா 1 வேணும். செல்லுக்குள்ள பாதி ஆல்ஃபா 1 நல்லது, பாதி குட்டை, ரெண்டும் ஒரே குவியல்ல கிடக்கு. கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு எடுத்தா, ரெண்டும் நல்லதா அமையறது நாலுல ஒரு தடவை. ஒண்ணு நல்லது ஒண்ணு குட்டைனு அமையறது நாலுல ரெண்டு தடவை, ரெண்டுமே குட்டை நாலுல ஒரு தடவை. ஆக நாலு கயிறுல மூணு கெட்டது. காப்பி முழுசா தொலைஞ்சிருந்தா கயிறோட எண்ணிக்கை பாதியாகும், ஆனா இருக்கறது அத்தனையும் நல்லது. இங்க நல்ல காப்பி செய்யற சங்கிலியே பெரும்பாலும் கெட்டதோட மாட்டி வீணாப் போகுது. அதுக்கு மேல, இந்தக் கயிறுகள் ஒண்ணோட ஒண்ணு அடுக்கி நாரா ஆகும்போது கெட்ட கயிறு நல்ல கயிறுகளுக்கு நடுவுல உட்கார்ந்து அடுக்கையே கோணலாக்கும். சிலது செல்லுக்குள்ளயே மாட்டி வெளிய வராம அழியும். இதைத்தான் டாமினன்ட் நெகட்டிவ்னு சொல்றோம், கெட்ட காப்பி தன் வேலையைச் செய்யாததோட நிக்காம நல்ல காப்பியோட வேலையையும் கெடுக்குது. இதே மாதிரி ஒரு மாற்றம் ஆல்ஃபா 2 ஜீன்ல வந்திருந்தா கயிறுக்கு ஒண்ணுதான் ஆல்ஃபா 2ங்கறதால பாதி கயிறுதான் கெடும்.

"அப்போ அந்தக் காப்பி முழுசா இல்லாமலே போயிருந்தா இவளுக்கு நல்லதா இருந்திருக்குமா?"

ஆமாம்னு சொன்னேன். அந்த பதில் சொல்றதுக்கு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ஜீனோட ஒரு காப்பி முழுசா போனவங்க உயரமா நடந்து போறாங்க, நடுவுல 18 அமினோ அமிலம் மட்டும் போனவ வாக்கர் பிடிக்கறா. கெட்ட காப்பியை மட்டும் அமுக்கி இதை டைப் 1 மாதிரி ஆக்கற யோசனை ஆராய்ச்சியில இருக்கு, இப்ப இவளுக்குக் குடுக்க எதுவும் இல்லைங்கறதையும் சேர்த்தே சொன்னேன், ஏன்னா அந்தக் கேள்வி எப்படியும் வீட்டுக்குப் போய் இன்டர்நெட்ல தேடப்படும்.

அடுத்த குழந்தை பத்தியும் பேசினோம். பெற்றோர் ரத்தத்துல இல்லைனாலும் கருமுட்டை இல்ல விந்து செல்கள்ல சிலதுல மட்டும் மாற்றம் ஒளிஞ்சிருக்கலாம், அதனால ஆபத்து பூஜ்ஜியம் இல்ல. இந்தப் பொண்ணுக்கு நாளைக்குக் குழந்தை பிறந்தா ஒவ்வொண்ணுக்கும் பாதிக்குப் பாதி.

அப்புறம் நடந்தது

4 வயசுல ரெண்டு தொடையிலயும் எலும்போட சேர்ந்து நீளற ராடு போட்டாங்க. மருந்து ஆரம்பிச்சு ஒன்றரை வருஷத்துல ஒரே ஒரு முறிவு, அதுவும் கை. நசுங்கின முதுகெலும்புகள் ஓரளவு உயரம் திரும்பியிருக்கு. எலும்பு அடர்த்தி எண் நல்லா ஏறிடுச்சு, அதைப் பார்த்து அப்பா சந்தோஷப்பட்டப்ப கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்துச்சு, ஏன்னா இந்த மருந்து எலும்பை அரிக்கற செல்களைத்தான் மெதுவாக்குது, கொலாஜனைத் திருத்தறதில்ல, எலும்பு கூடுதலா சேருது ஆனா அதே கோணல் நாரால ஆன எலும்புதான். உயரம் இன்னும் 3வது சென்டைலுக்குக் கீழதான். வீட்டுக்குள்ள தானா நடக்கறா, வெளிய வாக்கர். பல்லுக்கு உறை போட்டிருக்கு.

அம்மா மறுபடி கர்ப்பமானாங்க, நஞ்சுக்கொடி திசு எடுத்துப் பார்த்தோம், அந்த மாற்றம் இல்ல.

இப்ப என்ன மாத்தியிருக்கோம்

லாஸ் ஆஃப் ஃபங்ஷன்ங்கற வார்த்தையை ரிப்போர்ட்ல பார்த்தா, அது நோய் தருமாங்கறதுக்கான பதிலா, எப்படித் தருதுங்கறதுக்கான பதிலானு தனித்தனியா எழுதறோம். PVS1 விதியை 2018ல விரிவா திருத்தினப்பவே பிரேம் கலையாம எக்ஸான் விழறதைத் தனியா கவனிக்கச் சொல்லியிருக்காங்க, நாங்கதான் அந்த வரியைப் புள்ளி போடறதுக்கு மட்டும் பயன்படுத்திட்டு, எவ்வளவு கடுமையா இருக்கும்னு சொல்லும்போது மறந்துட்டோம். கொலாஜன் ஜீன்ல ஸ்ப்ளைஸ் மாற்றம்னா முதல் வேலை எக்ஸான் நீளம் மூணால வகுபடுதானு பார்க்கறது, அதுக்கு ஒரு நிமிஷம் ஆகும். ஆர்என்ஏ பார்க்காம "லேசானது"ங்கற சொல் கவுன்சிலிங்ல வரக் கூடாதுனு எங்களுக்குள்ள பேசி வெச்சிருக்கோம்.

போன மாசம் இதுக்கு நேரெதிரா ஒண்ணு வந்துச்சு. வேற ஒரு குழந்தை, அதே ஜீன்ல பிரேம் கலையற மாற்றம், பழைய நாங்களா இருந்தா யோசிக்காம டைப் 1னு எழுதியிருப்போம். ஆனா அது கடைசி எக்ஸான்ல இருக்கு, அங்க ஸ்டாப் வந்தா செல் அதைக் கண்டுபிடிக்காது, ஆர்என்ஏ அழியாது, சேரும் பகுதி கோணலான ஒரு சங்கிலி வெளிய வரலாம். ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ந்துகிட்டு இருக்கு. அந்தப் பெற்றோர்கிட்ட இப்போதைக்கு முறிவுக்கான காரணம் தெரிஞ்சுடுச்சு, எவ்வளவு கடுமைங்கறது இன்னும் சில வாரத்துல தெரியும்னு மட்டும் சொல்லியிருக்கோம்.